ஊரைக் கட்டுவதும் ஊரைக் காப்பதும்



கணினித் திரையில் ஒரு வெற்று நிலம். அதில் ஆறு ஓடுகிறது, மரங்கள் நிற்கின்றன, மனிதர் ஒருவரும் இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு அங்கே ஒரு நகரத்தை எழுப்பி, அதை நிலைக்கச் செய்யவேண்டும். நகரமைப்பு விளையாட்டு என்பது இதுதான். உங்களிற் பலர் இதை ஆடியிருப்பீர்கள். ஆடியவர்களில் மிகப் பலருடைய முதல் நகரம் சில ஆண்டுகளிலேயே பாழாகிப் போயிருக்கும். அது ஏன் பாழாகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்வகை விளையாட்டுகள் இன்று பல உண்டு. அவற்றுள் சிம்சிட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் நகரம் எந்த விதிப்படி வளர்கிறது என்பது ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாது, ஊகித்துத்தான் அறியவேண்டும். சிம்சிட்டியின் நிரலோ 2008-ஆம் ஆண்டில், மைக்ரோபாலிஸ் என்னும் பெயரில், யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டது. ஆகவே அந்த நகரத்தின் விதிகளை நாம் ஒரு சட்டப் புத்தகத்தைப் படிப்பதுபோலப் படிக்கலாம். நான் சொல்லப்போகும் எண்களெல்லாம் அந்த நிரலில் உள்ளவை.

இந்த விளையாட்டு பிறந்த கதை சுவையானது. வில் ரைட் என்னும் அமெரிக்கர் 1984-இல் வெளிவந்த ஒரு போர் விளையாட்டை உருவாக்கியவர். அதில் ஆடுபவர் தீவுகளின்மீது பறந்து குண்டு வீசவேண்டும். அந்தத் தீவுகளுக்குச் சாலைகளும் கட்டடங்களும் அமைத்துக்கொண்டிருந்த ரைட்டுக்கு, குண்டு வீசி அழிப்பதைவிட அமைப்பதே இன்பமாகத் தோன்றியது. ஆகவே அமைப்பதையே ஒரு விளையாட்டாக்கினார். வெற்றியும் தோல்வியும் இல்லாத விளையாட்டை யார் வாங்குவார் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். பின்னர் ஜெஃப் பிரவுன் என்பவரோடு சேர்ந்து மேக்சிஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 1989-இல் அதனை வெளியிட்டார்.

இனி நகரத்துக்குள் நுழைவோம். நிலம் முழுவதும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அகலத்தில் 120 கட்டம், உயரத்தில் 100 கட்டம். ஆடுபவர் வீடு கட்டுவதில்லை, கடை வைப்பதில்லை. இந்த இடம் வீடுகளுக்கு, இந்த இடம் கடைகளுக்கு, இந்த இடம் தொழிற்சாலைகளுக்கு என்று மூன்று கட்டம் நீளமும் மூன்று கட்டம் அகலமும் உள்ள மனைகளை ஒதுக்குவது மட்டுமே அவர் வேலை. மனைக்கு மின்சாரமும் சாலையும் வந்தால், விரும்பினால், மக்கள் தாமே வருவார்கள். விரும்பாவிட்டால் வரமாட்டார்கள். வந்தவர்களும் போய்விடுவார்கள். ஆகவே ஆடுபவர் அரசர் அல்லர். உரிமையாளரும் அல்லர். ஏறக்குறைய ஒரு நகராட்சித் தலைவரின் நிலைதான் அவருடையது.

விலைகளைப் பாருங்கள். ஒரு மனைக்கு 100 டாலர். சாலை ஒரு கட்டத்துக்கு 10 டாலர். மின்கம்பி ஒரு கட்டத்துக்கு 5 டாலர். நிலக்கரி மின்நிலையம் 3,000 டாலர். காவல் நிலையம் 500. தீயணைப்பு நிலையம் 500. விளையாட்டரங்கம் 5,000. எளிய நிலையில் ஆடத் தொடங்குபவருக்குக் கொடுக்கப்படும் முதல் 20,000 டாலர்.

இவையெல்லாம் ஒருமுறை செலவு. திரையில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஆண்டுதோறும் வரும் செலவு வேறு. அது ஆண்டு முடிவில்தான் கணக்குக்கு வரும். எளிய நிலையில் சாலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆண்டுக்கு 70 சென்ட் பராமரிப்பு; அதாவது 100 கட்டத்துக்கு 70 டாலர். காவல் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 100 டாலர். தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றுக்கும் அப்படியே 100 டாலர். மேலோட்டமாகப் பார்த்தால் இவை சிறு தொகைகள். நகரத்தின் உயிர் இருப்பது இந்தச் சிறு தொகைகளில்தான்.

வரவுக்கு ஒரே வழி வரி. அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திரையில் காட்டப்படும் மக்கள் தொகையை 160-ஆல் வகுக்க வேண்டும். வருவதை ஊரின் சராசரி நில மதிப்பால் பெருக்கி, 120-ஆல் வகுக்க வேண்டும். பிறகு வரி விகிதத்தால் பெருக்கி, எளிய நிலையில் 1.4-ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். ஓர் ஊரில் 7,040 மக்கள் என்று கொள்வோம். 160-ஆல் வகுத்தால் 44. சராசரி நில மதிப்பு 60 என்றால், 44-ஐ 60-ஆல் பெருக்கி 120-ஆல் வகுக்க 22 வரும். வரி நூற்றுக்கு 7. 22-ஐ 7-ஆலும் 1.4-ஆலும் பெருக்கினால், சில்லறையை விட்டு, 215 டாலர். ஏழாயிரம் பேர் வாழும் ஊரின் ஓராண்டு வருமானம் அவ்வளவுதான்.

இப்போது இரண்டு மாணவர்களை இந்த விளையாட்டுக்கு முன்னே உட்கார வைப்போம். இருவரும் ஒரு மின்நிலையம் அமைக்கிறார்கள்: 3,000. வீட்டு மனை 12, தொழில் மனை 6, கடை மனை 4, ஆக 22 மனை: 2,200. சாலை 100 கட்டம்: 1,000. மின்கம்பி 40 கட்டம்: 200. கூட்டினால் 6,400 டாலர். இதுவரை இருவரும் ஒன்றே.

முதல் மாணவன் இத்துடன் ஒரே ஒரு காவல் நிலையம் அமைத்து நிறுத்திக்கொள்கிறான். செலவு 6,900, கையில் மிச்சம் 13,100. இரண்டாமவனுக்கோ கையில் பணம் இருக்கும்போது சும்மா இருக்க மனம் வரவில்லை. நான்கு காவல் நிலையம், நான்கு தீயணைப்பு நிலையம்: 4,000. நாளை வரப்போகும் மக்களுக்காக இன்றே இன்னும் 300 கட்டம் சாலை: 3,000. ஊருக்கு அழகாக ஒரு விளையாட்டரங்கம்: 5,000. மொத்தச் செலவு 18,400; மிச்சம் 1,600. பார்ப்பதற்கு இரண்டாமவன் ஊரே நகரம் போல இருக்கிறது. முதல்வன் ஊர் சிற்றூர்தான்.

இரண்டு ஊர்களிலும் 7,040 மக்களே இருக்கிறார்கள், 215 டாலரே வரி வருகிறது என்று வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். முதல்வன் செலவு, சாலைக்கு 70, காவலுக்கு 100, ஆக 170. மிச்சம் 45 டாலர். சிறு தொகையானாலும் அது வளரும் பக்கத்தில் நிற்கிறது. இரண்டாமவன் செலவு, 400 கட்டம் சாலைக்கு 280, எட்டு நிலையங்களுக்கு 800, ஆக 1,080. வரவோ 215. முதலாண்டு முடிவில் அவன் கையிருப்பு 1,600-இலிருந்து 735-ஆகக் குறைகிறது.

இரண்டாம் ஆண்டில் அவனிடம் உள்ளது 735-உம் வரி 215-உம் சேர்ந்து 950. பணம் போதாத ஊரில் எதற்கு முதலில் கொடுப்பது என்பதற்கும் நிரலில் ஒரு விதி உண்டு: முதலில் சாலை, அடுத்துத் தீயணைப்பு, கடைசியில் காவல். சாலைக்கு 280-உம் தீயணைப்புக்கு 400-உம் போக, காவலுக்கு 400 தேவைப்படும் இடத்தில் 270 தான் மிஞ்சுகிறது. பெட்டி காலி. மூன்றாம் ஆண்டில் வரி 215 மட்டுமே. அது முழுவதும் சாலைக்கே போகிறது; போயும் 280 தேவைப்படும் சாலைக்கு நூற்றுக்கு 77 பங்குதான் கிடைக்கிறது. தீயணைப்புக்கு ஒன்றும் இல்லை. காவலுக்கும் ஒன்றும் இல்லை. எட்டு நிலையங்களும் பெயருக்கு நிற்கின்றன.

இங்கேதான் சரிவு தொடங்குகிறது. சாலைப் பராமரிப்புக்கு வேண்டிய தொகையில் நூற்றுக்கு 94 பங்கேனும் கொடுத்தால் சாலைகள் கெடுவதில்லை. அதற்குக் கீழே இறங்கினால், இங்கொரு கட்டமும் அங்கொரு கட்டமுமாகச் சாலை இடிந்து கற்குவியலாகத் தொடங்கும். எந்தக் கட்டம் இடியும் என்பது தற்செயல். ஒரு வீட்டு மனையைத் தொட்டுக்கொண்டிருந்த சாலை அப்படி இடிந்துபோனால், விளிம்பில் சாலையே இல்லாத அந்த மனையிலிருந்து மக்கள் வெளியேறத் தொடங்குவார்கள். மக்கள் குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் சாலைக்குக் கிடைக்கும் பங்கு இன்னும் குறையும். அதனால் இன்னும் சில கட்டங்கள் இடியும். காவல் இல்லாத இடங்களில் குற்றம் மிகுந்து, அங்கே நில மதிப்பும் விழும். நில மதிப்பு விழுந்தால் மறுபடியும் வரி குறையும். ஒன்றன் வீழ்ச்சி மற்றொன்றை இழுக்க, ஊர் கீழ்நோக்கிச் சுழல்கிறது. புயலோ பூகம்பமோ வந்து அந்த ஊரை அழிக்கவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் செய்த ஆடம்பரம் இப்போது வட்டியோடு வந்து நிற்கிறது.

விளையாட்டரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வீண் என்று நான் சொல்லவில்லை. வீடுகளில் வாழ்வோர் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்ட பிறகு அரங்கம் இல்லாவிட்டால், புதியவர்கள் வருவது தடைப்படும். அப்போது அது அவசியம். அதற்கு முன் கட்டினால் 5,000 டாலர் உறங்கிக் கிடக்கும். துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அவ்வாறே தொழிலும் வணிகமும் எட்டவேண்டிய அளவுகள் உண்டு. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள்.

மிகுதியான சாலையால் பணம் மட்டுந்தானா கெடுகிறது? வேறொரு கேடும் உண்டு. இந்த நகரத்தில் ஒருவர் வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்படுவதைக் கணினி எப்படிக் கணிக்கிறது தெரியுமா? அவருக்கு வழி தெரியாது. சாலையில் இறங்கி, கட்டம் கட்டமாகச் செல்கிறார். சந்திப்பு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது சீட்டுக் குலுக்குவதுபோலத்தான். வந்த வழியே உடனே திரும்ப மாட்டார். அவ்வளவுதான் அவர் அறிவு. ஏறக்குறைய 30 கட்டம் வரை இப்படி நடப்பார். இடையில் ஒரு கடை மனையோ தொழில் மனையோ பக்கத்தில் தென்பட்டால், அங்கேயே பயணம் முடிந்தது. வேலை வீட்டருகே இருந்தால் நாலைந்து கட்டத்தில் சேர்ந்துவிடுவார். சந்துகளும் சதுக்கங்களும் மிகுந்த வலைபோன்ற ஊரில் சுற்றிச் சுற்றி அலைந்து சேர்வார்.

சேர்ந்த பயணம் தான் சென்ற சாலைகளில் போக்குவரத்தைக் கூட்டுகிறது. போக்குவரத்து மிகுந்த கட்டம் புகையைக் கக்குகிறது. புகை நில மதிப்பைக் குறைக்கிறது. நில மதிப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம். ஆகவே இரண்டாமவனுடைய 300 கட்டம் உபரிச் சாலை ஆண்டுக்கு 210 டாலரை உண்பதோடு நில்லாமல், மக்களை அலைய வைத்து, வரி தரும் நிலத்தையும் மலிவாக்குகிறது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே குறுகிய, கிளை குறைந்த சாலையே இந்த விதிக்குப் பொருந்திய சாலை.

அவன் ஊரைக் காப்பாற்ற வழியில்லையா? உண்டு, முதலாண்டுக் கணக்கைக் கண்டவுடனே செய்யவேண்டும். வரி விகிதத்தை உயர்த்துவதே பலருக்கு முதலில் தோன்றும். அதற்கும் நிரலில் ஓர் அட்டவணை இருக்கிறது. மக்கள் ஊருக்கு வரும் விருப்பத்தை அது கூட்டியோ குறைத்தோ காட்டும். எளிய நிலையில் வரி நூற்றுக்கு 7 என்றால் விளைவு சுழியம். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. 8 என்றால் 10 புள்ளி குறைவு. 9 என்றால் 40 குறைவு. 10 என்றால் 100 குறைவு. கவனியுங்கள்: வரி ஒவ்வொரு படியாக ஏற, இழப்பு படிப்படியாக ஏறவில்லை, பாய்ந்து ஏறுகிறது. இந்தக் குறைவு ஒருமுறை வந்து போவதும் அன்று. கணக்கிடும் ஒவ்வொரு முறையும் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே வரியை 8-க்கு உயர்த்துவது பொறுக்கத்தக்கது. 22-ஐ 8-ஆலும் 1.4-ஆலும் பெருக்கினால் 246 டாலர். மீதியைச் செலவில்தான் பிடிக்கவேண்டும். எட்டு நிலையங்களில் ஏழை இடித்துவிட்டு ஒரு காவல் நிலையத்தை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்: 100 டாலர். மனைகளைத் தொடாத 200 கட்டம் சாலையை அகற்றட்டும். கட்டத்துக்கு ஒரு டாலர் வீதம் 200 டாலர் செலவாகும். ஆனால் ஆண்டுக்கு 140 டாலர் மிச்சம். எஞ்சிய 200 கட்டத்துக்குப் பராமரிப்பு 140. ஆகச் செலவு 240, வரவு 246. ஆறு டாலர் மிச்சம்! ஆறு டாலரில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனினும் சுழல் நின்றுவிட்டது. கையிருப்பில் எஞ்சியுள்ள சில நூறு டாலரைக் கொண்டு, சாலையோரத்தில் சும்மா கிடக்கும் இடங்களில் புதிய மனைகளை ஒதுக்கினால், புதிய சாலை இல்லாமலே வரி வளரும். மூன்றாம் ஆண்டு வரை காத்திருந்தவனுக்கு இந்த வழி இல்லை. இடிப்பதற்கும் கையில் காசு வேண்டுமல்லவா?

சரிவை முன்கூட்டியே அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. ஆண்டு முடிவில் கையிருப்பைப் பார்த்து மகிழவேண்டாம். கையிருப்பு நேற்றைய பணம். இந்த ஆண்டு வரியை இந்த ஆண்டுப் பராமரிப்போடு ஒப்பிடுக. வரி குறைவாக இருந்தால், கையிருப்பை அந்தக் குறையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டில் பெட்டி காலியாகும் என்பது தெரிந்துவிடும். இரண்டாமவனுக்கு முதலாண்டு முடிவில் 735 கையிருப்பு, 865 குறை. வகுத்தால் ஒன்றுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு முடிவதற்குள் முடிந்தது என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

இறுதியாக, இந்த நகரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்லவேண்டும். இதன் விதிகள் இயற்கை விதிகள் அல்ல, மனிதர் எழுதியவை. ரைட் இதனை அமைத்தபோது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969-இல் நகரத்தின் வளர்ச்சி பற்றி எழுதிய நூலின் கருத்துகளைத் துணையாகக் கொண்டார். ஃபாரஸ்டரும் ஒரு நகரத்தைக் கணக்குகளாக மாற்றி, கணினியில் ஓட்டிப் பார்த்தவர். ஏழைகளுக்கு மலிவான வீடுகளைக் கட்டித் தருவது நகரத்துக்கு நன்மையைவிடத் தீமையே செய்யும் என்று அவருடைய கணக்கு சொல்லிற்று. கணக்கு பிழையில்லாமல்தான் ஓடியது. ஆனால் நகரத்தைச் சுற்றியிருக்கும் புறநகரை அவர் கணக்கிலே சேர்க்கவில்லை என்று மற்ற அறிஞர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். சேர்க்காத ஒன்று, விடையை மாற்றிவிடக்கூடும்.

சிம்சிட்டியிலும் அத்தகைய விடுபாடுகள் உண்டு. அதில் சாலைப் பயணம் நெரிசலையும் புகையையும் விட்டுச்செல்லும். இருப்புப்பாதைப் பயணம் ஒரு சுவடும் விடாது. இதைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர்கள் சாலையே இல்லாமல் இருப்புப்பாதை மட்டுமே ஓடும் நகரங்களைக் கட்டினார்கள். அந்த நகரங்கள் செழித்தன. அதனால் உண்மை நகரத்துக்கும் சாலை வேண்டாம் என்று எவராவது சொல்வாரா? 2013-இல் வந்த புதிய சிம்சிட்டியை வடிவமைத்தவர்கள் உண்மையான ஊர்களை அளந்து பார்த்தபோது, வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம் இவ்வளவு பெரிதா என்று வியந்தார்கள். அதை உள்ளபடியே வைத்தால் விளையாட்டு நகரம் முழுவதும் வண்டி நிறுத்துமிடமாகத் தோன்றும் என்று அதைக் குறைத்துக் காட்டினார்கள். ஆகவே திரையில் நன்றாக ஓடும் நகரம், அந்த விதிகளை எழுதியவர் எதை எண்ணினார், எதை விட்டார் என்பதற்கு மட்டுமே சான்று.

உங்களில் சிலர் நாளை பொறியாளராகவும் நகராட்சி அலுவலராகவும் அமர்வீர்கள். ஒரு திட்டம் நல்லது என்று கணினி சொல்கிறது என ஒருவர் உங்கள் மேசைமீது தாளை வைக்கக்கூடும். அப்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதைக் கட்டிய பிறகு ஆண்டுதோறும் எவ்வளவு, அது எந்த வரவிலிருந்து வரும் என்பது ஒன்று. இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என்ன என்பது மற்றொன்று.

கணினி இல்லாத மாணவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். கட்டமிட்ட தாள் ஒன்றை எடுங்கள். நான் சொன்ன விலைகளையும் பராமரிப்புத் தொகைகளையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 20,000 டாலரில் உங்கள் ஊரை வரைந்து, ஐந்து ஆண்டுக்கான வரவு செலவைக் கையாலே போட்டுப் பாருங்கள். மக்கள் தொகை வளரவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலில் ஒருமுறை போடுங்கள். அப்படியும் ஐந்தாம் ஆண்டில் சாலைக்கு நூற்றுக்கு 94 பங்கு கொடுக்க முடிகிறதென்றால், உங்கள் ஊர் நிற்கும்.